நாமா, நாங்களா? வட்டாரக் குழுவில் முதல் வணக்கம்

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் எங்கள் குடும்பம் வீடு மாறியது. அம்மா, பாட்டி, நான் என மூவர். பதினெட்டு ஆண்டுகள் ஒரே புளோக்கில் இருந்துவிட்டு, தீவின் மறுகோடியில் உள்ள வேறொரு வட்டாரத்துக்கு வந்தோம். அம்மா காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவேன். பாட்டிக்கு 79 வயது. தமிழும் கொஞ்சம் சந்தை மலாயும் தெரியும். பழைய புளோக்கில் அவருக்கு மாடிக்கு இரண்டு பேராவது பழக்கம். புதிய இடத்தில் ஒருவரையும் தெரியாது.

இங்கு வந்த முதல் வாரத்திலேயே இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் என்னைச் சேர்த்தார்கள். ஒன்று, எங்கள் புளோக்கின் பொதுக் குழு. அதில் ஆங்கிலமே ஓடும், இடையிடையே மலாயும் சீனமும் வரும். மற்றொன்று, அருகருகே உள்ள நான்கு புளோக்குகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் குழு. வீவக வீடுகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருப்பதால், எந்தப் புளோக்கிலும் எல்லா இனத்தாரும் கலந்தே இருக்கிறோம். ஒரு புளோக்கில் தமிழ் வீடுகள் சிலவே இருக்கும். அதனால் தமிழ்க் குழு என்று ஒன்று அமைந்தால் அது பெரும்பாலும் பல புளோக்குகளைச் சேர்த்தே அமையும். எங்கள் குழுவில் ஏறத்தாழ அறுபது பேர்.

இக்கட்டுரை அந்த இரண்டாவது குழுவில் நான் எழுதிய இரண்டு அறிமுகங்களைப் பற்றியது. முதலாவது தோற்றது. ஏன் தோற்றது என்று ஆராய்ந்தபோது, நம் மொழியில் ஓர் அறிமுகத்துக்குள் எத்தனை முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்பது எனக்குப் புரிந்தது. அவற்றில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதில் வரும் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மலர் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் அறிமுகம்

நான் உயர்நிலைப் பள்ளி முதல் விவாத மேடைகளில் பேசியவள். தமிழ்க் குழு என்றதும் கை தானாக மேடைத் தமிழுக்குப் போய்விட்டது. சேர்ந்த பத்தாவது நிமிடத்தில் நான் அனுப்பியது இதுதான்:

"பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய குடியிருப்பாளர்களே! தங்கள் அனைவருக்கும் என் சிரம் தாழ்ந்த வணக்கங்கள். அண்மையில் இவ்வட்டாரத்தில் குடியேறியுள்ள யான், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி ஆவேன். நாம் அனைவரும் ஒன்றிணைந்து நமது வட்டாரத்தை ஒரு தமிழ்ச் சோலையாக மலரச் செய்வோம் என்று கூறி, இவ்வாய்ப்பினை நல்கிய குழுவினருக்கு நன்றி நவின்று விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்."

ஒரே ஒருவர் கட்டைவிரல் காட்டினார். வேறு எவரும் எதுவும் எழுதவில்லை. அன்றிரவு பாட்டிக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இப்பத்தானே உள்ள போனே? அதுக்குள்ள விடைபெறுகிறேன்னு எழுதியிருக்கியே. அதுல உன் பேரையே காணோமே?"

அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். உண்மையிலேயே என் பெயர் அதில் இல்லை. எந்தப் புளோக், எந்த மாடி என்பதும் இல்லை. பாட்டியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தக் குழுவில் நான் சேர்ந்ததே பாட்டிக்கு நாலு பேர் பழக்கமாக வேண்டும் என்பதற்காகத்தான்.

மௌனத்துக்கு மற்றொரு காரணமும் இருந்தது. அது எனக்கு மூன்று வாரம் கழித்தே தெரிந்தது. நான் சேர்வதற்கு அரைமணி நேரம் முன்னால், குழுவில் ஒருவருடைய தந்தை காலமான செய்தி வந்திருந்தது. எல்லாரும் இரங்கல் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் சேர்வதற்கு முன் எழுதப்பட்ட எதுவும் என் திரையில் இல்லை. வெறுமையான திரையைப் பார்த்து, குழுவும் சும்மா இருக்கிறது என்று எண்ணிவிட்டேன். துக்க வீட்டுக்குள் நுழைந்து சோலை மலரட்டும் என்று சொன்னவள் ஆனேன்.

இதற்குத் தீர்வு எளிது. நம்மைக் குழுவில் சேர்த்தவரிடம் தனியே ஒரு வரி கேட்டுவிட்டால் போதும்: "அக்கா, இப்போது குழுவில் வணக்கம் சொல்லலாமா?" அப்படிக் கேட்கத் தயக்கமாக இருந்தால் ஒருநாள் பொறுத்து, என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதலாம். ஒருநாள் தாமதித்து வணக்கம் சொன்னதற்காக யாரும் குறைபட்டுக்கொள்வதில்லை.

'நான் இன்னார்' என்பதில் அடங்கியவை

வாட்ஸ்அப் குழுவில் புதியவர் எழுதும்போது, அவருடைய எண்ணைச் சேமித்து வைக்காத மற்றவர்களுக்கு ஒரு தொலைபேசி எண்ணும், அதனுடன் அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரும்தான் தெரியும். என் கைப்பேசியில் அந்தப் பெயர் வெறும் 'எம்' என்ற ஆங்கில எழுத்தாக இருந்தது. அறுபது பேரின் பார்வையில் நான் ஓர் எண், ஓர் எழுத்து, ஒரு மேடைப்பேச்சு. அவ்வளவுதான். மோசடிக் குறுஞ்செய்திகள் நாள்தோறும் வரும் காலம் இது. முன்பின் தெரியாத எண்ணுக்குப் பதில் எழுத எவரும் யோசிப்பார்கள்.

எனவே பெயர் முதல் வரியிலேயே வரவேண்டும். தமிழில் இதற்கு வினைச்சொல் தேவையில்லை. 'நான் மலர்' என்றாலே வாக்கியம் முழுமை பெற்றுவிடும். பெயர்ப் பயனிலை என்று நாம் வகுப்பில் படித்தது இதைத்தான். 'மாணவி ஆவேன்' என்று நான் எழுதியபோது, தேவையற்ற இடத்தில் ஒரு வினையை ஒட்டவைத்தேன். எழுவாயும் பெயரும் மட்டும் நின்றால் பேச்சின் இயல்பு தானே வந்துவிடும்.

பெயருக்கு அடுத்தபடியாக, நம்மைச் சேர்த்தவர் யார் என்பதைச் சொல்வது நல்லது. 'என்னைச் சேர்த்தவர் தேவி அக்கா' என்ற ஒரு வரி, அந்நிய எண்ணைத் தெரிந்த ஒருவரோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஊரில் ஒருவர் புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால், 'இன்னார் சொல்லி வந்தேன்' என்று வாசலிலேயே சொல்வாரல்லவா? அதே வேலையைத்தான் இந்த வரியும் செய்கிறது.

மூன்றாவதாக, நம் வயதுக்கு ஒரு குறிப்பு வேண்டும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். எதிரே இருப்பவர் பத்து வயதா எழுபது வயதா என்று தெரியாமலே பேசிவிடலாம். தமிழில் பதில் சொல்பவர் முதல் சொல்லை எழுதும் முன்பே 'வா'வா 'வாங்க'வா, தம்பியா அண்ணனா, 'மா' சேர்க்கலாமா என்று முடிவுசெய்தாக வேண்டும். குரலும் முகமும் இல்லாத இடத்தில் அதை எப்படி முடிவுசெய்வது? தெரியாதபோது பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அல்லது கட்டைவிரலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன்' என்பது என் பெருமைக்காகச் சொல்வதன்று. பதில் எழுதுபவருக்கு வழிவிடும் குறிப்பு அது. மூன்றாம் ஆண்டு, எந்தத் துறை என்பனவெல்லாம் அந்த வேலைக்குத் தேவைப்படுவதில்லை.

இதே காரணத்தால், முதல் வணக்கத்தில் உறவுச்சொல் வைத்துப் பிறரை விளிப்பது ஆபத்து. 'அண்ணன்மார்களே, அக்காமார்களே' என்று தொடங்கினால் அறுபது வயதுப் பெரியவரும் பதினாறு வயது மாணவரும் அதற்குள் அடங்கமாட்டார்கள். 'அனைவருக்கும் வணக்கம்' என்பதில் இந்தச் சிக்கல் இல்லை. யாரை எப்படி அழைப்பது என்பதைச் சில நாள்கள் கவனித்தே கற்றுக்கொள்ளலாம். மற்றவர்கள் ஒருவரை 'அங்கிள்' என்கிறார்களா 'ஐயா' என்கிறார்களா என்று பார்த்து, நம் வயதுக்கேற்ப அதையே நாமும் பின்பற்றினால் பிழை நேராது.

நாமும் நாங்களும்

என் முதல் அறிமுகத்தின் பெரிய பிழை 'நாம்' என்ற சொல்லில் இருந்தது.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் உட்படுத்திச் சொல்வது 'நாம்'. அவரை விலக்கிச் சொல்வது 'நாங்கள்'. முன்னிலையாரையும் உட்படுத்துவதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணத்தில் படித்திருப்போம். பழந்தமிழில் விலக்கும் வேலையைப் பெரும்பாலும் 'யாம்' செய்தது. பின்னர் அந்த இடத்துக்கு 'நாங்கள்' வந்தது. பேச்சில் இவை 'நாம', 'நாங்க' என்று வழங்கினாலும் வேறுபாடு குறையவில்லை. 'நாங்க சாப்பிடப் போறோம்' என்றால் நீ வரவில்லை என்று பொருள். 'நாம சாப்பிடப் போறோம்' என்றால் நீயும் எழுந்திரு என்று பொருள். சிறு குழந்தைகூட இதில் தவறுவதில்லை.

நம் மலாய் அண்டைவீட்டார் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். மலாயிலும் இதே பிரிவு உண்டு. 'காமி' என்பது நம் 'நாங்கள்', 'கித்தா' என்பது நம் 'நாம்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் சிந்தித்துத் தமிழில் எழுதும்போது நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். ஆங்கிலச் சொல் எதையும் கேட்பதில்லை. தமிழ்ச் சொல் மட்டும் ஒவ்வொரு முறையும் நம்மைக் கேட்கிறது: 'படிப்பவரைச் சேர்த்துக்கொள்கிறாயா, விலக்குகிறாயா?'

அறிமுகத்தில் இந்தக் கேள்வி மூன்று இடங்களில் எழுகிறது.

முதலாவது, வந்த செய்தி. 'நாங்கள் மூவரும் குடிவந்திருக்கிறோம்' என்பதே சரி. இங்கே 'நாம்' என்றால், படிப்பவரும் நம்மோடு மூட்டைகட்டிக்கொண்டு வந்தார் என்று ஆகிவிடும்.

இரண்டாவது, வந்த இடம். 'எங்கள் வட்டாரம்' என்று புதியவர் எழுதினால், ஏற்கெனவே இருப்பவர்களை வெளியே தள்ளியதாகிறது. 'உங்கள் வட்டாரம்' என்றால் பணிவு இருக்கிறது, ஆனால் நாம் விருந்தாளியாகவே நின்றுவிடுகிறோம். அதற்கு மறுமொழியாக 'இனிமேல் உங்க இடமும்தான்' என்று யாராவது திருத்த வேண்டிவரும். 'நம் வட்டாரம்' என்பதே பொருந்தும். மின்தூக்கியும் நடைபாதையும் சந்தையும் குடிவந்த நாளிலிருந்தே எல்லாருக்கும் பொது. பொதுவாக உள்ள பொருளுக்கு 'நம்' என்று சொல்வதில் உரிமை மீறல் ஏதும் இல்லை. தம் சொந்த வீட்டுக்கே அழைக்கும்போது 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, இனிச் செய்யப்போவது. இங்குதான் நான் வழுக்கி விழுந்தேன். 'நாம் அனைவரும் ஒன்றிணைந்து சோலையாக மலரச் செய்வோம்' என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் 'நாம்' என்பதோடு 'செய்வோம்' சேர்ந்தால், கேட்பவரையும் ஒரு வேலைக்கு இழுத்துவிடுகிறோம். பத்து நிமிடத்துக்கு முன் உள்ளே வந்த ஒருத்தி, பத்தாண்டுகளாக அங்கிருப்பவர்களுக்கு வேலை சொல்கிறாள். பொதுவாக இருக்கும் பொருளுக்கு 'நம்' சொல்லலாம். பொதுவாகச் செய்யவேண்டிய செயலுக்கு 'நாம்' சொல்ல, கொஞ்சக் காலம் பழகியிருக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்தாலே அறிமுகம் பாதி சரியாகிவிடும்.

எந்தத் தமிழில் எழுதுவது?

'குடியேறியுள்ள யான்' என்று எழுதியிருந்தேன். 'குடியேறு' என்ற சொல் நாடுவிட்டு நாடு வந்து நிலைத்தவருக்கே பெரிதும் வழங்குகிறது. தெம்பனிசிலிருந்து ஜூரோங்குக்கு வீடு மாறியவருக்கு அது பெரிய சட்டை. 'குடிபெயர்ந்துள்ளோம்' என்பதும் செய்தி வாசிப்பைப் போல ஒலிக்கிறது. 'குடிவந்திருக்கிறோம்' அல்லது 'வீடு மாறி வந்திருக்கிறோம்' என்பதே நாம் அன்றாடம் சொல்வது. 'வந்தோம்' என்று முடிக்காமல் 'வந்திருக்கிறோம்' என்று முடிப்பதிலும் பயன் உண்டு. 'வந்தோம்' என்றால் செய்தி முடிந்துவிடுகிறது. 'வந்திருக்கிறோம்' என்றால் இன்னும் இங்கேதான் இருக்கிறோம், வந்து பார்க்கலாம் என்பது உள்ளே அடங்கியிருக்கிறது.

அப்படியானால் பேசுவதுபோலவே எழுதிவிடலாமா? '9ஆம் மாடிக்கு வந்துருக்கோம்' என்று? இது நம் தலைமுறைக்கு உரிய கேள்வி. 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பேச்சுத்தமிழுக்கு நல்ல இடம் கிடைத்தது. நண்பர்களுக்குள் நாம் பேச்சுத்தமிழிலேயே, பல நேரம் ரோமன் எழுத்திலேயே எழுதிக்கொள்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் முகம் அறியாத பெரியவர்கள் இருக்கும் குழுவில் முதல் வரியே பேச்சுவழக்கில் இருந்தால், செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்ததுபோல் சிலருக்குத் தோன்றும். மேடைத் தமிழில் எழுதினாலோ மாலையோடு வந்ததுபோல் இருக்கும்.

நான் கண்ட வழி இது. சொற்களைப் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். விகுதிகளை எழுத்துத்தமிழில் முழுமையாக எழுத வேண்டும். 'பயில்கிறேன்' வேண்டாம், 'படிக்கிறேன்' போதும். 'படிக்கிறேங்க' என்றும் எழுத வேண்டாம். 'தங்கள்' வேண்டாம், 'உங்கள்' போதும். பாட்டியைப் பற்றி எழுதும்போது 'உட்கார்ந்திருப்பார்' என்று மரியாதை விகுதியோடு முடிக்கலாம். இப்படி எழுதினால் மூத்தவருக்கும் உறுத்தாது, நமக்கும் போலியாக இராது. பதில் பேச்சுத்தமிழில் வந்தால் அடுத்த வரியிலிருந்து நாமும் அதற்கு மாறிக்கொள்ளலாம். எதற்கு மாறுவது என்பதை மூத்தவர் முடிவுசெய்யட்டும்.

சொல்லக்கூடாதது

என் அறிமுகத்தின் உள்நோக்கம் பாட்டிதான் என்றேன். ஆகவே இரண்டாவது முறை எழுத உட்கார்ந்தபோது முதலில் எழுதிய வரி இது: 'பாட்டி பகலில் வீட்டில் தனியாக இருப்பார், முடிந்தால் ஓர் எட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.' கீழே வீட்டு எண்ணையும் போட்டிருந்தேன்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு அனுப்பவிடவில்லை. அறுபது பேர் கொண்ட குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள், வாடகைக்கு இருந்து சென்றவர்கள் என்று குழுவிலிருந்து விலகாதவர்களும் உண்டு. ஒருவர் பார்த்ததைப் படம்பிடித்து வேறிடத்துக்கு அனுப்பவும் முடியும். வீட்டு எண், வயதானவர், தனியாக, பகலில் என்ற நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது கதவைத் திறந்துவைத்ததற்குச் சமம். நாம் சேர்ந்தவுடனேயே நம் தொலைபேசி எண் எல்லார் கையிலும் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் இதற்காக எதையும் சொல்லாமல் விட்டால், அறிமுகம் செய்துகொண்டதன் பயனே இல்லாமல் போய்விடும். அம்மாவும் நானும் பேசி ஒரு வழி கண்டோம். பாட்டி யாருமில்லாமல் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்வதற்குப் பதில், அவர் என்னோடு இருக்கும் பொது இடத்தையும் நேரத்தையும் சொல்வது. மாடியைச் சொல்லலாம், வீட்டு எண் வேண்டாம். நேரில் பார்த்துப் பழகியவரிடம் வீட்டு எண்ணைத் தனியே சொல்லிக்கொள்ளலாம். உதவி கேட்பதும் முதல் வணக்கத்தில் வேண்டாம். அறிமுகம் ஆனபின் கேட்டால் அதற்கு மதிப்பு கூடும்.

இரண்டாம் அறிமுகம்

ஏற்கெனவே ஒருமுறை எழுதியவள் மீண்டும் எழுதலாமா என்று தயங்கினேன். தேவி அக்காவிடம் கேட்டேன். அப்போதுதான் அந்த இறப்புச் செய்தியைப் பற்றிச் சொன்னார். "யாரும் தப்பா நினைக்கலம்மா. ஆனா நீ யாருன்னே தெரியல. இன்னொரு தடவ எழுது" என்றார். ஒரு சனிக்கிழமை காலை, குழுவில் வேறு பேச்சு இல்லாத நேரம் பார்த்து இதை அனுப்பினேன்:

"அனைவருக்கும் வணக்கம். நான் மலர், பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். என்னைக் குழுவில் சேர்த்தவர் தேவி அக்கா.

அம்மா, பாட்டி, நான் என நாங்கள் மூவரும் டிசம்பரில் நம் வட்டாரத்துக்குக் குடிவந்திருக்கிறோம். சந்தைக்கு எதிரே உள்ள புளோக், 9ஆம் மாடி.

மாலை 6 மணிவாக்கில் பாட்டியும் நானும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்போம். பாட்டிக்குப் பேச ஆள் கிடைத்தால் மகிழ்ச்சி.

சேர்ந்த அன்று நிலைமை தெரியாமல் எழுதிவிட்டேன். மன்னியுங்கள்."

எண்ணிப் பார்த்தால் நாற்பது சொற்களுக்குச் சற்று அதிகம். கைப்பேசியில் விரலால் தள்ளாமலே படித்துவிடலாம். முதல் பத்தியில் யார், இரண்டாம் பத்தியில் எங்கே, மூன்றாம் பத்தியில் எப்படிப் பழகலாம். மன்னிப்பு என் தனிக் கணக்கு. உங்களுக்கு அது தேவைப்படாது. அதை முதலில் வைத்திருந்தால் எல்லாரும் அதைப் பற்றியே பேசியிருப்பார்கள் என்பதால் இறுதியில் வைத்தேன். 'விடைபெறுகிறேன்' இல்லை. 'நன்றி, வணக்கம்' என்ற முடிவுரையும் இல்லை. உரையாடலைத் தொடங்குபவர் அதை முடித்துவைக்கத் தேவையில்லை.

அனுப்பிய பிறகு பார்த்தால் 'குடிவந்திருக்கிறோம்' என்பதில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் 2023 முதல், அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ள முடிகிறது. திருத்திய குறிப்பு மட்டும் பக்கத்தில் நிற்கும். அழித்துவிட்டு மறுபடி அனுப்புவதைவிட அது நல்லது. அழித்த தடம் குழுவில் தெரியும், என்ன எழுதி அழித்தாளோ என்று நாலு பேர் யோசிப்பார்கள்.

மாலைக்குள் பதினோரு பதில்கள் வந்தன. "வாம்மா மலர். நாங்க 12ஆம் மாடி" என்றார் ஒருவர். "பாட்டிக்கு எந்த ஊரு?" என்றார் இன்னொருவர். அடுத்த புளோக்கிலிருந்து ஓர் அம்மா, "பாட்டிக்குப் பல்லாங்குழி தெரியுமா? எங்கிட்ட பலகை இருக்கு" என்று எழுதினார். தந்தையை இழந்தவரும் "பரவாயில்லம்மா" என்று ஒரு சொல் எழுதியிருந்தார். எல்லாம் பேச்சுத்தமிழ். பெரும்பாலும் 'வாம்மா', 'படிக்கிறியா'. படிக்கிறேன் என்ற ஒரு சொல் அத்தனை பேருக்கும் வழிவிட்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி எழுதினால் அறுபது கைப்பேசிகளும் பதினோரு முறை ஒலிக்கும் என்பதால், "எல்லாருக்கும் நன்றி. பாட்டிக்குப் பல்லாங்குழி நல்லாத் தெரியும்" என்று ஒரே வரியில் முடித்தேன்.

அதன் பின்

பல்லாங்குழி அம்மா அடுத்த வாரமே பலகையோடு கீழ்த்தளத்துக்கு வந்தார். வாரத்தில் மூன்று மாலையாவது இருவரும் ஆடுவார்கள். ஒரு மாதம் கழித்து அவருக்கு எங்கள் வீட்டு எண்ணையும் அம்மாவின் எண்ணையும் கொடுத்தோம்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை பாட்டி சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அடுத்த புளோக்குக்குள் நுழைந்துவிட்டார். நான்கு புளோக்குகளும் ஒரே நிறம், ஒரே வடிவம். மின்தூக்கியில் ஏறி 9ஆம் மாடியில் இறங்கி, யார் வீட்டுக் கதவையோ சாவியால் திறக்கப் பார்த்திருக்கிறார். சாவி சேரவில்லை. கைப்பேசி வீட்டில் இருந்தது. எத்தனை நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. மீண்டும் கீழே இறங்கி வந்தபோது, மின்தூக்கிக்குக் காத்திருந்த பல்லாங்குழி அம்மா அவரைப் பார்த்திருக்கிறார்.

நான் அப்போது வகுப்பில் இருந்தேன். வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தபோது இரண்டு வரிகள் இருந்தன:

"பாட்டிய வீட்டுல கொண்டாந்து விட்டுட்டேன். நான் கூடவே இருக்கேன், நீ படிப்பை முடிச்சிட்டு மெதுவா வா.

நாம ரெண்டு பேரும் சாயங்காலம் அந்தக் கதவுல ஏதாச்சும் சிவப்பா ஒட்டி வைப்போம், அடையாளத்துக்கு."

அன்று மாலை ஒட்டினோம்.